அலுவலகக் கூட்டங்களில் ஆங்கிலம்: வீட்டில் தமிழ் பேசுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், புதிதாகச் சேருபவர்களை அமெரிக்க வாடிக்கையாளர்களுடனான கூட்டங்களுக்குத் தயார்ப்படுத்துவது என் வேலையின் ஒரு பகுதி. அங்கே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். இலக்கணப் பாடம் தேடி வந்தவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

மெயிலில் நன்றாகத்தான் எழுதுகிறேன். கூட்டத்தில் வாயைத் திறந்தால் பாதி வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறேன். ஏன்?

எங்கே நிற்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'ஐ' என்ற சொல்லுக்கு அடுத்த இடமாக இருக்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'நான் நேற்று அந்த ரிப்போர்ட்டை' என்று தொடங்கிவிட்டு, 'முடித்தேன்' என்பதா, 'முடிக்கவில்லை' என்பதா, 'முடிக்கப் பார்த்தேன்' என்பதா என்று பேசிக்கொண்டே தீர்மானிக்கலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. 'ஐ' சொன்ன மறுநொடியே வினை வேண்டும். மெயில் எழுதும்போது பின்னால் போய்த் திருத்தலாம் என்பதால் இந்தச் சிக்கல் வெளியே தெரிவதில்லை.

ஆகவே, யோசிக்கும் நேரத்தை வாக்கியத்தின் நடுவிலிருந்து அதன் முன்பக்கத்துக்கு நகர்த்துங்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் 'ஐ... ஐ...' என்று இறங்காமல், எந்த வினை என்று முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள். இரண்டு நொடி போதும். தொலைபேசிக் கூட்டத்தில் அந்த இரண்டு நொடி மௌனத்தை மைக் அணைந்திருப்பதாக எடுத்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். அதற்காக, 'ஷ்யூர், ஆன் தி இன்வாய்ஸ் ரிப்போர்ட்' என்று தலைப்பை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். வினை இல்லாத தொடர் அது. மனம் அதற்குள் வினையைத் தேடிக்கொள்ளும்.

ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு யோசனை தமிழில்தான் வருகிறது. என்ன செய்வது?

தமிழிலேயே யோசியுங்கள். இந்த அறிவுரையைச் சொல்பவர்களில் பலர், தாங்கள் எப்படி யோசிக்கிறோம் என்று சோதித்துப் பார்த்தவர்கள் அல்லர். சிக்கல் யோசனையில் இல்லை. தமிழ் வாக்கியத்தை முழுதாகக் கட்டி முடித்து, அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் இருக்கிறது. 'முடியவில்லை, ஆக்சஸ் இல்லை, புதன் வேண்டும்' என்ற அளவில் துண்டு துண்டாகத் தமிழில் யோசியுங்கள். துண்டுகளை ஆங்கிலத்தில் அடுக்குவது எளிது.

தினமும் நடக்கும் நிலவரக் கூட்டத்தில் விவரமாகத்தான் சொல்கிறேன். முடிப்பதற்குள் மேனேஜர் 'ஸோ, இஸ் இட் டன் ஆர் நாட்?' என்று வெட்டிவிடுகிறார்.

இங்கே ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வோம். 'ஆக்சுவலி ஆன் மண்டே ஐ செக்ட் தி டேட்டாபேஸ், ஆக்சஸ் வாஸ் நாட் தேர், ஸோ ஐ ரெய்ஸ்ட் எ டிக்கெட், தே ஸெட் அப்ரூவல் இஸ் நீடட், ஸோ ஐ சென்ட் எ மெயில், தே டிட் நாட் ரிப்ளை, ஸோ டெஸ்டிங் இஸ் பெண்டிங்.' இலக்கணத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் வரிசை முழுக்கத் தமிழ்: பார்த்து, கேட்டு, அனுப்பி, காத்திருந்து, கடைசியில்தான் 'முடியவில்லை'. தமிழ் கேட்பவர் அந்தக் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருப்பார். அந்த மேனேஜருக்கோ முதல் வாக்கியத்தில் விடை வரவில்லை என்றால், விடையே இல்லை என்று தோன்றுகிறது.

அதே செய்தியைத் திருப்பிப் போடுங்கள். முதலில் நிலை: 'தி இன்வாய்ஸ் ரிப்போர்ட் இஸ் நாட் டெஸ்டட் யெட்.' அடுத்து காரணம், ஒன்றே ஒன்று: 'ஐ டோன்ட் ஹாவ் டேட்டாபேஸ் ஆக்சஸ்.' பிறகு உங்களுக்கு என்ன தேவை: 'ஐ நீட் தி அப்ரூவல் பை வெட்னஸ்டே.' கடைசியாக நாள்: 'இஃப் ஐ கெட் இட், ஐ வில் ஃபினிஷ் பை ஃப்ரைடே.' நான்கு சிறு வாக்கியங்கள், பதினைந்து நொடிக்குள் முடியும். திங்கட்கிழமைக் கதை வீணாகவில்லை. 'வாட் ஹாப்பன்ட் வித் தி ஆக்சஸ்?' என்று யாராவது கேட்டால் அப்போது சொல்ல வேண்டியது அது. கேட்கவில்லை என்றால் யாருக்கும் அது தேவைப்படவில்லை என்று பொருள்.

கூட்டத்துக்கு முன் முதல் வாக்கியத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கையும் எழுதினால் வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். நடுவில் ஒரு கேள்வி வந்தால் விட்ட இடம் தெரியாது. இந்த வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு. சர்வர் விழுந்து எழுந்த பிறகு நடக்கும் விசாரணைக் கூட்டத்தில் நேர வரிசைப்படிதான் சொல்ல வேண்டும். அங்கும் 'தி சர்வீஸ் இஸ் பேக் அப்' என்று முதலில் சொல்லிவிட்டுக் கதைக்குள் போங்கள்.

வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் பேச வராது. அறை நண்பர்களும் தமிழ்தான். யாருடன் பழகுவது?

வீட்டு மொழியை மாற்ற வேண்டாம். அம்மாவிடம் ஆங்கிலத்தில் சாப்பாடு கேட்டுப் பழகினால் சாப்பாட்டு ஆங்கிலம்தான் வரும். கூட்டத்து ஆங்கிலம் வராது. கூட்டத்தில் புழங்கும் சொற்கள் மிகக் குறைவு, அவையும் தினம் தினம் திரும்ப வருபவை. அதைத் தனியாகவே பழகலாம்.

அன்றைய நிலவரத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். உடனே அதே செய்தியை ஒன்றரை நிமிடத்தில் இன்னொரு முறை சொல்லுங்கள். மூன்றாம் முறை ஒரு நிமிடம். வேகமாகப் பேசிச் சமாளிக்கக் கூடாது. சொற்களைக் குறைத்துத்தான் நேரம் குறைய வேண்டும். விஷயம் மாறாததால், இரண்டாம் முறையிலிருந்து மனம் சொற்களைத் தேடாமல் வாக்கியத்தைக் கவனிக்கத் தொடங்கும். முதல் பதிவையும் மூன்றாவதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் வாக்கியத்தில் விடை இருக்கிறதா, 'ஐ'க்குப் பிறகு தடுமாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்ற பிழைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, உண்மையான கூட்டம் முடிந்த கையோடு செய்ய வேண்டியது. சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைத் தமிழில் ஒரு வரி எழுதிவையுங்கள். 'அந்தத் தேதி சரிப்பட்டு வராது' என்பதுபோல. மாலையில் அதற்கு ஆங்கிலம் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களுக்குத் தேவையான பாடநூல் அந்த வரிகளிலிருந்துதான் உருவாகும்.

நான் சொன்னதும் 'ஸாரி?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆக்ஸென்ட்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்கர்போலப் பேச முயல்பவரின் பேச்சு பெரும்பாலும் இன்னும் புரியாமல் போகிறது. தமிழ் நாவுக்கே உரிய சில பழக்கங்கள்தான் கேட்பவரை நிறுத்துகின்றன. அவற்றை மட்டும் சரிசெய்தால் போதும்.

முதலாவது, சொல்லின் வால். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் நாம் ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடுகிறோம். 'டெஸ்ட்' நம் வாயில் 'டெஸ்ட்டு' ஆகிறது, 'ஃபிக்ஸ்ட்' 'ஃபிக்ஸ்டு' ஆகிறது. அல்லது வாலை வெட்டி 'ஃபிக்ஸ்' என்று நிறுத்துகிறோம்; அப்போது முடிந்த வேலை முடியாததாகக் கேட்கிறது. மருந்து பள்ளியில் படித்த புணர்ச்சியிலேயே இருக்கிறது. மெய்யின் மேல் உயிர் வந்து ஏறும் அல்லவா? 'ஃபிக்ஸ்ட் இட்' என்பதைப் பிரிக்காமல் 'ஃபிக்ஸ்டிட்' என்றும், 'டெஸ்டட் இட்' என்பதை 'டெஸ்டடிட்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். உகரமும் வராது, வாலும் போகாது.

இரண்டாவது, அழுத்தம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை மட்டும் ஓங்கி ஒலிக்கும். தமிழில் எல்லா அசைகளும் ஏறக்குறைய சமம். 'டெவலப்' என்பதில் 'வெ' ஓங்க வேண்டும், முதல் எழுத்து அல்ல. 'கம்போனென்ட்' என்பதில் 'போ'. 'மெயின்டனன்ஸ்' என்பதில் 'மெயின்'. உங்கள் வேலையில் தினமும் வரும் சொற்களை மட்டும் பட்டியலிட்டு, இணைய அகராதிகளில் உள்ள ஒலிப்பொத்தானை அழுத்திக் கேட்டு, ஓங்கும் அசையின் கீழ்க் கோடு போடுங்கள். இருபது சொல்லுக்கு மேல் தேவைப்படாது.

மூன்றாவது, எண்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் நம் உச்சரிப்பில் ஒன்றுபோலக் கேட்கும். முன்னதில் 'டீன்' ஓங்கி நீளும். பின்னதில் 'ஃபிஃப்' ஓங்கும். பணம், தேதி, பிழை எண்ணிக்கை என்று வந்தால் உச்சரிப்பை நம்பாமல் 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்' என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். லட்சமும் கோடியும் வெளிநாட்டவருக்குப் புரியாது: 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன். தேதியை 3/4 என்று சொன்னால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை. எத்தனை தடவைதான் 'பார்டன்' என்று கேட்பது?

முழுவதையும் திரும்பக் கேட்காதீர்கள். கேட்டால் அதையே அதே வேகத்தில் மறுபடி சொல்வார்கள். புரிந்த பகுதியைச் சொல்லி, விட்ட இடத்தை மட்டும் கேளுங்கள்: 'யூ வான்ட் தி ரிப்போர்ட் ஃபார் தி டெக்ஸஸ் ஆஃபீஸ். விச் மன்த்?' கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும், பதிலும் ஒரே சொல்லில் வரும்.

டீம்ஸ், ஸூம் போன்றவற்றில் பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதி உண்டு, போட்டுவையுங்கள். அதில் பெயர்களும் எண்களும் தவறாக விழும் என்பதால், எண்ணை மட்டும் வாயால் ஒரு முறை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

'யூ ஹாவ்ன்ட் சென்ட் இட்?' என்று கேட்டார். 'யெஸ்' என்றேன். அனுப்பிவிட்டதாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் தப்பு என்ன?

நீங்கள் தமிழில் சரியாகப் பதில் சொன்னீர்கள். 'அனுப்பவில்லையா?' என்றால், 'ஆமாம், அனுப்பவில்லை' என்போம். கேட்டவரின் ஊகத்தை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் நடந்த செயலைப் பற்றியவை. அனுப்பியிருந்தால் 'யெஸ்', அனுப்பவில்லை என்றால் 'நோ'. கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் இதுதான்.

கூட்டத்தின் வேகத்தில் இந்த விதியை நினைவில் வைத்துக் கணக்குப் போட முடியாது. எளிய வழி, எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ' இரண்டையுமே சொல்லாமல் வினையைச் சொல்வது: 'ஐ ஹாவ்ன்ட் சென்ட் இட் யெட்.' 'டூ யூ மைண்ட் இஃப் வி மூவ் தி மீட்டிங்?' என்ற கேள்விக்கும் இதே தற்காப்பு. அதற்கு 'யெஸ்' என்றால் மறுப்பு. 'தட்ஸ் ஃபைன்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

மரியாதையாகத்தான் பேசுகிறேன். ஆனால் என் பேச்சு அதிகாரமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்லியிருக்கிறார்.

தமிழில் மரியாதை வினையின் விகுதியில் உட்கார்ந்திருக்கிறது. 'அனுப்பு' என்பதற்கும் 'அனுப்புங்கள்' என்பதற்கும் இடையே உள்ள தூரம் ஒரே விகுதியில் தீர்ந்துவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த விகுதி கிடையாது. 'அனுப்புங்கள்' என்று மனதில் நினைத்து 'சென்ட் இட்' என்று சொன்னால், அவர் காதில் விழுவது 'அனுப்பு'. 'பிளீஸ்' சேர்த்தாலும் கட்டளை கட்டளைதான். இன்னும் மோசமானது 'வேண்டும்'. 'நீங்கள் ஆக்சஸ் தர வேண்டும்' என்பது நமக்குப் பணிவான கோரிக்கை; அது 'யூ ஹாவ் டு கிவ் ஆக்சஸ்' ஆனதும் மிரட்டலாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் அந்த மரியாதையைக் கேள்வி வடிவம் சுமக்கிறது: 'குட் யூ கிவ் மீ ஆக்சஸ் பை வெட்னஸ்டே?' யாரிடமும் எதையும் கேட்க இந்த ஒரு 'குட் யூ' போதும். மரியாதைக்காக வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஸார்' போட வேண்டியதில்லை. இந்திய அரசு அலுவலகங்களிலும் பல உள்ளூர் நிறுவனங்களிலும் 'ஸார்' தேவை. அமெரிக்க வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே எதிர்பார்ப்பார். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்ல நாக்கு வளையவில்லை என்றால், பெயரும் இல்லாமல் 'ஸார்' இல்லாமல் நேராக விஷயத்துக்குப் போய்விடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

'ஐ ஹாவ் எ டவுட்', 'டுடே இட்செல்ஃப்' என்றெல்லாம் பேசினால் தப்பா? எங்கள் டீமில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இந்தியர்களுக்குள் இவை நன்றாகவே புரியும். திருத்திக்கொண்டு திரிய வேண்டாம். பொருள் மாறிப்போகும் சிலவற்றை மட்டும் வெளிநாட்டவரிடம் தவிருங்கள். 'டவுட்' என்றால் அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று கேட்கும். 'எ கொஸ்சன்' என்று மாற்றுங்கள். 'ப்ரீபோன்' பலருக்குப் புரியாது. 'மூவ் இட் எர்லியர்' புரியும்.

வேலையைக் கெடுப்பது 'டில்', 'பை' குழப்பம். நாம் 'வெள்ளி வரை' என்பதையும் 'வெள்ளிக்குள்' என்பதையும் மாற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டில் ஃப்ரைடே' என்றே சொல்லிவிடுகிறோம். 'ஐ வில் டூ இட் டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை அந்த வேலையைச் செய்துகொண்டே இருப்பீர்கள் என்று பொருள். எப்போது முடியும் என்பது அதில் இல்லை. தமிழில் கெடு நாளின் பெயரோடு '-க்குள்' வரும் இடமெல்லாம் 'பை'. மேலே நிலவரக் கூட்டத்துக்குச் சொன்ன நான்கு வாக்கியங்களில் இரண்டு 'பை' இருப்பதைப் பாருங்கள்.

எல்லோரும் படபடவென்று பேசுகிறார்கள். நான் நுழைவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

முழு வாக்கியத்தையும் தயாரித்துக்கொண்டு நுழைய நினைத்தால் ஒருபோதும் நுழைய முடியாது. நுழையும் சொல்லை முதலில் போட்டு இடம் பிடியுங்கள்: பேசுபவரின் பெயர், பிறகு 'ஒன் பாயின்ட் ஆன் தி டேட்'. எதைப் பற்றி என்று தெரிந்ததும் அவர் நிறுத்துவார். வாக்கியத்தை அப்போது கட்டிக்கொள்ளலாம். முதல் கேள்விக்குச் சொன்ன தலைப்பு உத்திதான் இது.

பேச்சு தாண்டிப் போயிருந்தாலும் குடி முழுகிவிடாது. 'கேன் வி கோ பேக் டு தி டேட்?' என்று கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. கூட்டத்தின் முதல் சில நிமிடங்களிலேயே ஏதாவது சிறிய விஷயத்துக்கு வாய் திறந்துவிடுவதும் உதவும். அரை மணி நேரம் மூடியிருந்த வாயைத் திறப்பது கடினம்.

முடியாத தேதியைக் கேட்கும்போது 'ஐ வில் ட்ரை' என்கிறேன். பிறகு ஒப்புக்கொண்டாயே என்று பிடிக்கிறார்கள்.

நம் ஊரில் 'பார்க்கிறேன்' என்றால் பாதி மறுப்பு. கேட்டவரும் புரிந்துகொண்டு வேறு ஏற்பாடு செய்வார். 'ஐ வில் ட்ரை' அப்படிப் போய்ச் சேருவதில்லை. அவர்கள் அதைச் சம்மதமாகக் குறித்துக்கொள்கிறார்கள். 'ஓகே'யும் இப்படித்தான்: காதில் விழுந்தது என்பதற்கு நாம் சொல்லும் 'சரி, சரி' அங்கே ஒப்புதலாகிறது. கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்ட 'ஐ ஸீ' போதும்.

மறுப்பை முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல வேண்டியதில்லை. முடியாத தேதியையும் முடிகிற தேதியையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: 'நாட் பை ஃப்ரைடே. ஐ கேன் கிவ் யூ தி ரிப்போர்ட் பை டியூஸ்டே.' அவசரம் என்றால் எதைக் குறைக்கலாம் என்பதையும் சேருங்கள்: 'பை ஃப்ரைடே ஐ கேன் டெஸ்ட் ஒன்லி தி இந்தியா இன்வாய்ஸஸ்.' இங்கே 'ஸாரி' தேவையில்லை. மன்னிப்பில் தொடங்கினால் தேதி பேரத்துக்கு வந்துவிடும்.

கூட்டத்தில் பத்தில் எட்டுப் பேர் தமிழர்கள். நடுவில் தமிழுக்கு மாறிக்கொள்ளலாமா?

தமிழ் தெரியாத ஒருவர் இருந்தால்கூட வேண்டாம். அவருக்குத் தெரியாமல் ஏதோ முடிவு நடப்பதாகவே தோன்றும். சிக்கலான ஒன்றை விளக்க முடியாமல் தவிக்கும்போது மட்டும், அனுமதி கேட்டு மாறலாம்: 'கேன் வி டிஸ்கஸ் திஸ் இன் தமிழ் ஃபார் எ மினிட்? ஐ வில் சம்மரைஸ்.' முடிந்ததும் நீங்களே ஆங்கிலத்தில் முடிவைச் சொல்லுங்கள். வேறு யாரிடமும் அதைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு நிமிடத் தமிழ்ப் பேச்சை இரண்டு ஆங்கில வாக்கியத்தில் சொல்வது, மூன்று முறை பதிவு செய்யும் பயிற்சியைவிடக் கடினம், அதைவிடப் பலன் தருவதும்கூட.

எல்லோருமே தமிழர்கள் என்றால், நிறுவன விதி தடுக்காதவரை தமிழிலேயே நடத்துங்கள். வேலை விரைவில் முடியும். கூட்டக் குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். அதில் நாள் வரும் இடத்தில் 'டில்' விழுந்திருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.